பிளஸ் டூ இயற்பியல் நோட்டு: ஜூன் முதல் மார்ச் வரை

(பன்னிரண்டாம் வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் மாணவர்களிடம், அதே பள்ளியில் பிளஸ் டூ முடித்த மாணவி ஒருவர் பேசியது.)

வருஷம் முழுக்க நோட்டை எப்படி ஒழுங்கா வெச்சுக்கிறதுன்னு உங்ககிட்ட பேசச் சொல்லி சார் கூப்பிட்டாங்க. எல்லாப் பாடத்தையும் சேர்த்துப் பேசினா எதுவும் மனசுல நிக்காது. அதனால இயற்பியலை மட்டும் எடுத்துக்கிறேன். அதுலயும் ஒரே ஒரு தலைப்பு, முதல் அலகுல வர்ற மின் இருமுனை. ஜூன் மாசம் அது உங்க நோட்டுக்குள்ள வந்ததுல இருந்து, மார்ச்ல பரீட்சைக்கு முந்தின ராத்திரி வரைக்கும் அந்தப் பக்கத்துக்கு என்னென்ன நடக்கணும்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல சிக்கல் எங்க வருதுன்னு பாருங்க. ரெண்டு தொகுதி, 11 அலகு. டிசம்பர் வந்ததும் மின் இருமுனையைத் தேடுங்க. டெரிவேஷன் கிளாஸ் நோட்டுல இருக்கும். கணக்கு ஹோம் ஒர்க் நோட்டுல இருக்கும். ஒன் வேர்டுக்குப் புத்தகத்துலயே பென்சில்ல டிக் போட்டிருப்பீங்க. மிட் டெர்ம் பேப்பர்ல சார் சிவப்புல எழுதின திருத்தம் வீட்ல ஏதோ ஒரு புத்தகத்துக்குள்ள மடிச்சுக் கிடக்கும். டியூஷன் போறவங்களுக்கு அங்க இன்னொரு நோட்டு. ஒரே விஷயம் அஞ்சு இடத்துல இருந்தா, படிக்க உக்கார்ற நேரம் தேடறதுலயே போயிடும். தேடிக் கிடைக்கலைன்னா கைடைத் திறப்பீங்க. கைடுல விடை இருக்கும். நீங்க எந்த வரியில தடுக்கி விழுந்தீங்கன்னு அதுல இருக்காது.

அதனால நோட்டுக்கு நான் வெக்கிற சோதனை ஒண்ணுதான். யாராவது ஒரு தலைப்பைச் சொன்னா அரை நிமிஷத்துல அந்தப் பக்கத்துல விரலை வைக்கணும். அந்தத் தலைப்புல நீங்க செஞ்ச தப்பு உட்பட எல்லாமே அந்தப் பக்கத்துலயே இருக்கணும். இனிமே சொல்றது எல்லாம் அதுக்கான வழி.

நோட்டு வாங்கறதுல இருந்து ஆரம்பிப்போம். 192 பக்க லாங் சைஸ் நோட்டு, தொகுதிக்கு ஒண்ணு. கோடு போட்டதே போதும். தனித்தனித் தாள்ல எழுதி ஃபைல்ல கோக்கலாமான்னு போன வருஷம் எங்க கிளாஸ்லயும் பேச்சு வந்தது. நான் வேண்டாம்னு சொல்வேன். தாளை யாராவது எழுதிட்டுத் தர்றேன்னு உருவிட்டுப் போனா, எது போச்சுன்னுகூட உங்களுக்குத் தெரியாது. தச்ச நோட்டுல ஒரு பக்கம் கிழிஞ்சா உடனே தெரியும். பக்க எண் போட்டிருந்தா இன்னும் நல்லாத் தெரியும்.

வாங்கின அன்னைக்கே எல்லாப் பக்கத்துக்கும் மேல் ஓரத்துல எண் போட்டுடுங்க. அரை மணி நேர வேலை. முதல் நாலு பக்கத்தைப் பொருளடக்கத்துக்கு விட்டுடுங்க. அதுக்கப்புறம் வலது பக்கத்துல மட்டும் எழுதுங்க, இடது பக்கம் காலியாவே இருக்கட்டும். பாதி நோட்டு வீணாகுதேன்னு தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க: பொருளடக்கம் போக வலது பக்கம் மட்டும் 94 இருக்கு. முதல் தொகுதியில அஞ்சு அலகு. அஞ்சாவது, மின்காந்த அலைகள், சின்ன அலகு. அதுக்கு பத்துப் பக்கம் போதும். மீதி நாலு அலகுக்கு ஆளுக்கு இருபது பக்கம் வருது. புத்தகத்துல இருக்கறதை அப்படியே இறக்காம இருந்தா இது தாராளம். பத்தாமப் போச்சுன்னா நீங்க புத்தகத்தைக் காப்பி அடிக்கிறீங்கன்னு அர்த்தம், அங்கேயே கண்டுபிடிச்சுடலாம்.

இடது பக்கம் எதுக்குன்னா, வருஷம் பூரா அந்தத் தலைப்புக்கு வந்து சேர்ற விஷயத்துக்கு. அன்னைக்கு கிளாஸ்ல கிடைக்காத ஒரு வரி, ஆகஸ்ட் டெஸ்ட்ல போன ஒரு மார்க், நவம்பர்ல திடீர்னு புரிஞ்ச ஒரு காரணம், எல்லாம் அங்க வரும். இப்ப காலியா விடலைன்னா அதெல்லாம் துண்டுச் சீட்டுல எழுதப்பட்டுத் தொலையும்.

கணக்குக்குத் தனி நோட்டு ஒண்ணு வைங்க, பக்க எண்ணோட. டெஸ்ட் பேப்பரை எல்லாம் தேதி வாரியா ஒரே டேக்ல கோத்து வைங்க. ரெக்கார்டு நோட்டை இதுல சேர்க்காதீங்க, அது செய்முறைக்கு, அதுக்குன்னு ஒரு வழி இருக்கு. இவ்வளவுதான் சாமான்.

இப்ப கிளாஸுக்கு வருவோம். சார் போர்டுல மின் இருமுனையின் அச்சுக்கோட்டுல ஒரு புள்ளியில மின்புலம் எவ்வளவுன்னு நடத்துறாங்க. புது வலது பக்கத்துல ஆரம்பிங்க. மேல தேதி, தலைப்பு, பக்கத்துல புத்தகப் பக்க எண். அடுத்தது படம், பென்சில்ல, பக்கத்துல கால்வாசிக்குக் குறையாம. −q, +q, நடுப்புள்ளி, அங்கிருந்து r தூரத்துல புள்ளி, ரெண்டு மின்துகளுக்கும் நடுவுல 2a. படம் சின்னதாப் போட்டா அம்புக்குறி எந்தப் பக்கம் போகுதுன்னு அப்புறம் உங்களுக்கே தெரியாது. இந்தத் தலைப்புல திசைதான் பாதி விஷயம்.

அப்புறம் வரிகள். +q பக்கத்துல இருக்கறதால தூரம் r − a, −q-க்கு r + a. ரெண்டு மின்புலமும் எதிரெதிர்த் திசையில இருக்கறதால கழிக்கிறோம்:

E = (q/4πε₀) [1/(r−a)² − 1/(r+a)²]

அடுத்த வரியில சார் இப்படி எழுதுவாங்க:

E = (q/4πε₀) · 4ra/(r²−a²)²

ரெண்டுக்கும் நடுவுல ஒரு அல்ஜீப்ரா இருக்கு. அதை வாயால சொல்லிட்டே அடுத்த வரிக்குப் போயிருப்பாங்க, நீங்க படத்தை முடிச்சுட்டு நிமிர்றதுக்குள்ள அது போயிருக்கும். அப்ப பக்கத்துல இருக்கறவங்க நோட்டை எட்டிப் பார்க்காதீங்க. அதைப் பார்த்து எழுதறதுக்குள்ள அடுத்த ரெண்டு வரியும் போயிடும். அந்த இடத்துல ரெண்டு வரி காலியா விட்டு, மார்ஜின்ல ஒரு வட்டம் போட்டுட்டு, சார் கூடவே போயிட்டிருங்க. காலி இடமும் வட்டமும் இருந்தாப் போதும், சாயங்காலம் அதைப் பிடிச்சுடலாம். வட்டம் போடாம ஒட்டி எழுதிட்டீங்கன்னா, அங்க ஒரு வரி இல்லைங்கறதே மறந்துபோய், டிசம்பர்ல "இது எப்படி வந்துச்சு?"ன்னு முழிப்பீங்க.

அன்னைக்குச் சாயங்காலம் இருபது நிமிஷம். இந்த இருபது நிமிஷத்தைத்தான் நான் எல்லாத்தையும்விட முக்கியமா நினைக்கிறேன். அன்னைக்கே பண்ணினா சார் குரல் காதுல இருக்கும். நாலு நாள் கழிச்சுப் பண்ணினா அதே வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும், அதுவும் புத்தகத்தைப் பார்த்துத்தான் நிரப்ப முடியும்.

வட்டம் இருக்கற இடத்துக்குப் போங்க. முதல்ல நீங்களே போட்டுப் பாருங்க. பகுதியைச் சமமாக்கினா மேல (r+a)² − (r−a)² வரும். விரிச்சா r²-உம் a²-உம் அடிபட்டு 4ra மட்டும் நிக்கும். கீழ (r−a)²(r+a)², அதாவது (r²−a²)². விட்டுப்போன வரி கிடைச்சுடுச்சு. அதை வலது பக்கத்துல காலி இடத்துல எழுதி வட்டத்தை அடிச்சுடுங்க. நீங்களே போட்டு வரலைன்னா வட்டத்தை அப்படியே விட்டுட்டு மறுநாள் சார்கிட்ட போங்க. "டெரிவேஷன் புரியலை சார்"னு போனா முழுசையும் திரும்ப நடத்த அவங்களுக்கு நேரம் இருக்காது. "இந்த வரியில இருந்து இந்த வரி எப்படி வந்துச்சு"ன்னு விரல் வெச்சுக் காட்டினா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க.

அப்புறம் இடது பக்கத்துக்கு வாங்க. இதுல டெரிவேஷனைத் திரும்ப எழுதாதீங்க. ஏன்னு கேட்கத் தோணுற இடத்துக்கு மட்டும் ஒரு வரி பதில். உதாரணத்துக்கு, r ≫ a-ன்னு எடுக்கும்போது கீழ இருக்கற a² மட்டும் போகுது, மேல 4ra-வுல இருக்கற a ஏன் போகலை? கீழ அது r²-கூடக் கழிபடுது, அதோட ஒப்பிட்டா ரொம்பச் சின்னது. மேல அது பெருக்கத்துல இருக்கு, அதை எடுத்துட்டா விடையே சுழி ஆயிடும். இந்த ஒரு வரியை உங்க வார்த்தையில எழுதி வைங்க. மீதி நேரா வந்துடும்: கீழ r⁴, அடிச்சா 4a/r³, இருமுனைத் திருப்புத்திறன் p = 2aq, அதனால E = (1/4πε₀)(2p/r³).

அடுத்த கிளாஸ்ல நடுவரைத் தளத்துல மின்புலம் நடத்துவாங்க. அளவு (1/4πε₀)(p/r³), அதாவது அச்சுக்கோட்டுல வந்ததுல பாதி. திசை p-க்கு எதிரா. அதுக்குப் புது வலது பக்கம் எடுத்துடுங்க. ஆனா அச்சுக்கோட்டுப் பக்கத்தோட இடது பக்கத்துல "நடுவரைத் தளம்: பாதி, எதிர்த் திசை, பக்கம் 21"னு ஒரு வரி போட்டு வைங்க. ரெண்டையும் குழப்பிக்கிறதுதான் இந்தத் தலைப்புல அதிகமா நடக்கற தப்பு.

லீவு போட்ட நாளுக்கு என்ன பண்றதுன்னு கேட்பீங்க. என்ன நடத்தினாங்கன்னு கேட்டு, தலைப்பை எழுதி, ரெண்டு வலது பக்கம் காலியா விட்டுட்டு அடுத்த பாடத்தை ஆரம்பிங்க. நண்பரோட நோட்டைப் போன்ல படம் எடுத்தா அது எழுதின கணக்கு ஆகாது. வாட்ஸ்அப்ல அந்தப் படம் மேல மேல ஏறிக் காணாமப் போயிடும். அந்த வார ஞாயித்துக்கிழமைக்குள்ள காலிப் பக்கத்தை நிரப்பிடணும்.

ஞாயித்துக்கிழமைன்னதும் பொருளடக்கம். வாரத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம். ஒரு தலைப்புக்கு ஒரு வரி: தலைப்பு, நோட்டுப் பக்கம், கணக்கு நோட்டுப் பக்கம், எத்தனை மார்க் கேள்வி, கடைசியில கொஞ்சம் காலி இடம். நம்ம தலைப்புக்கு வரி இப்படி இருக்கும்: "மின் இருமுனை – அச்சுக்கோடு | நோட்டு 17 | கணக்கு 9 | 5".

மார்க்கை எதுக்குப் போடறோம்னா, பொதுத்தேர்வு வினாத்தாள் 70 மார்க்குக்கு எப்படிப் பிரியுதுன்னு பாருங்க. ஒரு மார்க் 15. ரெண்டு மார்க் 9 கேள்வியில 6, மூணு மார்க் 9 கேள்வியில 6. அஞ்சு மார்க் அஞ்சு கேள்வி, ஒவ்வொண்ணுலயும் இது அல்லது அது. கட்டாயக் கேள்வி ரெண்டு மார்க்ல ஒண்ணு, மூணு மார்க்ல ஒண்ணு. ஒரே விஷயத்தை எவ்வளவு நீளத்துல எழுதணும்னு இந்த எண் சொல்லும். மின் இருமுனைன்னா என்னங்கறது ரெண்டு வரி. அச்சுக்கோட்டு மின்புலம் படத்தோட ஒரு பக்கம். பொருளடக்கத்துல இதைப் பிரிச்சு வெச்சுட்டா, ஜனவரியில "அஞ்சு மார்க் மட்டும் பார்க்கிறேன்"னு உக்காந்தா விரல் நேரா அங்க போகும்.

காலி இடம் டிக் போடறதுக்கு. நோட்டைப் பார்க்காம அந்த டெரிவேஷனை முழுசா எழுதிட்டா ஒரு டிக், தேதியோட. படிச்சதுக்கு டிக் கிடையாது. இதுல கண்டிப்பா இருங்க, படிச்சதுக்கெல்லாம் டிக் போட ஆரம்பிச்சா அந்தப் பட்டியல் எதையும் சொல்லாது.

இப்ப டெஸ்ட். பேப்பர் கைக்கு வந்ததும் மார்க்கைக் கூட்டிப் பார்த்துட்டுப் பையில போடறோம். அன்னைக்குச் சாயங்காலமே அதை வெளிய எடுங்க. மார்க் போன ஒவ்வொரு இடத்துக்கும், அந்தத் தலைப்பு எந்தப் பக்கம்னு பொருளடக்கத்துல பார்த்து, அந்தப் பக்கத்தோட இடது பக்கத்துல சிவப்புல ஒரு வரி எழுதுங்க. "கவனமா எழுதணும்"னு எழுதாதீங்க, அது யாருக்கும் உதவாது. "r ≫ a போடாம நேரா r⁴ எழுதிட்டேன்", "படத்துல E₊, E₋ அம்புக்குறி இல்ல" இப்படி, அடுத்த தடவை எழுதும்போது சரிபார்க்கற மாதிரி எழுதுங்க.

கணக்குல இது இன்னும் நல்லா வேலை செய்யும். ஒண்ணு போட்டுக் காட்டறேன். ரெண்டு மின்துகள், +2 μC, −2 μC, இடைவெளி 2 செ.மீ. நடுப்புள்ளியில இருந்து அச்சுக்கோட்டுல 1 மீட்டர் தூரத்துல மின்புலம் என்ன? திருப்புத்திறன் p = 2×10⁻⁶ × 2×10⁻² = 4×10⁻⁸ C m. மின்புலம் E = 9×10⁹ × 2 × 4×10⁻⁸ / 1³ = 720 N/C.

உங்களுக்கு 360 வந்துச்சுன்னா, இடைவெளி 2a-ங்கறதை மறந்து a-வைப் போட்டிருப்பீங்க, அல்லது அச்சுக்கோட்டுக்கு நடுவரைத் தளத்தோட சூத்திரத்தைப் போட்டிருப்பீங்க. 72,000 வந்துச்சுன்னா செ.மீ.-ஐ மீட்டரா மாத்தலை. விடையைப் பார்த்தே தப்பு எங்கன்னு சொல்லிடலாம். அதனால கணக்கு நோட்டுல சரியான விடையோட நின்னுடாம, உங்க தப்பான விடையையும் அது எப்படி வந்துச்சுங்கறதையும் சிவப்புல கீழ எழுதி வைங்க: "பாதி வந்தா 2a பார். நூறு மடங்கு வந்தா செ.மீ. பார்." மிட் டெர்ம், காலாண்டு, அரையாண்டுன்னு மூணு டெஸ்ட் போனதும் உங்களுக்கே தெரியும், ஒருத்தர் செய்யற தப்பு நாலஞ்சு வகைதான், அதே தப்புதான் வேற வேற அலகுல வேஷம் மாத்திட்டு வரும். உங்களோட அந்த நாலஞ்சைக் காட்டறது இந்தச் சிவப்பு வரிதான்.

காலாண்டு லீவுல நிறைய பேர் ஃபேர் நோட்டு போட உக்காருவாங்க. நாலு கலர் பேனா, ஸ்கேல் வெச்சுக் கோடு. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. பார்த்து எழுதறப்ப கை மட்டும்தான் வேலை செய்யும். ஒரு அலகை ஃபேர் பண்ண நாலு நாள் போச்சுன்னா, அந்த நாலு நாள்ல பொருளடக்கத்துல ஒரு டிக்கூட ஏறியிருக்காது.

அதுக்குப் பதிலா அலகுக்கு ஒரே ஒரு தாள். முறை இதுதான்: நோட்டை மூடி வெச்சுட்டு, அந்த அலகோட சூத்திரம், படம், நிபந்தனை எல்லாத்தையும் ஞாபகத்துல இருந்து நீலத்துல எழுதுங்க. வராததுக்கு இடம் விடுங்க. முடிச்சதும் நோட்டைத் திறந்து, விட்டுப்போனதையும் தப்பானதையும் சிவப்புல நிரப்புங்க. நீலத்துல இருக்கறது உங்களுக்கு ஏற்கனவே தெரியும், இனிமே படிக்க வேண்டியது சிவப்பு. அரையாண்டுக்கு முன்னாடி அதே அலகுக்குப் புதுத் தாள் ஒண்ணு, அதே மாதிரி. முதல் தாளை விட சிவப்பு குறைஞ்சிருக்கணும். குறையலைன்னா அந்த அலகை நீங்க வாசிச்சுட்டு மட்டும் போறீங்க, எழுதிப் பார்க்கலைன்னு அர்த்தம். தாளை அந்த அலகு ஆரம்பிக்கற பக்கத்துல ஒட்டிடுங்க. தனியா வெச்சா போயிடும்.

ரெண்டாவது தொகுதி ஆரம்பிச்சதும் முதல் நோட்டு வீட்டு அலமாரிக்குப் போயிடும். இங்கதான் எல்லாருக்கும் வழி தவறுது, ஏன்னா கதிர் ஒளியியல், அலை ஒளியியல்னு புதுசு வந்துட்டே இருக்கும், பழசைக் கேட்க ஆள் இருக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை பொருளடக்கம் எழுதும்போது பழைய நோட்டையும் எடுத்து, டிக் குறைவா இருக்கற ஒரே ஒரு தலைப்பைப் பார்க்காம எழுதுங்க. ஒண்ணு போதும். நாலுன்னு திட்டம் போட்டா ரெண்டாவது வாரமே நின்னுடும்.

ஜனவரியில ரிவிஷன் டெஸ்ட் ஆரம்பிச்சதும் புது நோட்டு எதுவும் தொடங்காதீங்க. புது கைடு, இன்னொரு பள்ளிக்கூடத்து மெட்டீரியல், யாரோ அனுப்பின முக்கிய வினா, எது வந்தாலும் அதுல உங்களுக்குத் தெரியாதது ஏதாவது இருந்தா, அந்தத் தலைப்போட இடது பக்கத்துல ஒரு வரியா ஏத்திட்டு அந்தத் தாளை விட்டுடுங்க. கடைசி ராத்திரி உங்க மேசையில ரெண்டு நோட்டும் கணக்கு நோட்டும் மட்டும் இருக்கணும். அன்னைக்குப் பார்க்க வேண்டியது பொருளடக்கம், அலகுத் தாள்ல இருக்கற சிவப்பு, இடது பக்கத்துல இருக்கற சிவப்பு. டெரிவேஷனை முதல்ல இருந்து படிக்கிற ராத்திரி இல்ல அது.

பின்னாடி இருந்து ஒரு தங்கச்சி கை தூக்கறாங்க. "அக்கா, லீவுலயே எங்களுக்கு ரெண்டு அலகு நடத்திட்டாங்க, நோட்டு ரெண்டு பக்கமும் நிறைய எழுதிட்டோம். திரும்ப எழுதணுமா?"

எழுத வேண்டாம்மா. எழுதினதை அப்படியே வெச்சுக்கோங்க. இன்னைக்கு அந்த நோட்டுக்குப் பக்க எண் போடுங்க. இந்த ஞாயித்துக்கிழமை உக்காந்து, எழுதினது வரைக்கும் பொருளடக்கம் போடுங்க, முன்னாடி இடம் இல்லைன்னா கடைசிப் பக்கத்துல இருந்து போடலாம். ரெண்டு அலகுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகாது. இடது பக்கம் இல்லாத குறைக்கு, தப்பை எழுத ஒவ்வொரு தலைப்புக்கிட்டயும் ஒரு துண்டுத் தாளை மேல் ஓரத்துல மட்டும் பசை தடவி ஒட்டிடுங்க, தூக்கிப் பார்த்துக்கலாம். மூணாவது அலகு, காந்தவியல், அதை புது வலது பக்கத்துல ஆரம்பிச்சு, அங்கிருந்து இடது பக்கத்தைக் காலியா விட்டுட்டுப் போங்க.